செத்தவீடு, காலமானார், அம்மாள்: சாவுக்கும் வருத்தத்துக்கும் ஏன் இத்தனை பெயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் மரண அறிவித்தல்களுக்கும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுகளுக்கும் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. சாவுச் சொற்கள் நாள்தோறும் கையில் புழங்குவதால், வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் இவைதான்.

எங்கட வீட்டில ஒருத்தரும் "மாமா செத்தார்" எண்டு சொல்லமாட்டினம். ஆனா "செத்தவீட்டுக்குப் போட்டு வாறம்" எண்டு சொல்லுவினம். இது என்ன நியாயம்?

செத்தவீடு என்பது இப்போது ஒரு நிகழ்ச்சியின் பெயர். கலியாணவீடு, சாமத்தியவீடு போல. அதைச் சொல்லும்போது யாரும் உள்ளே இருக்கிற "செத்த"வைப் பிரித்துக் கேட்பதில்லை. ஆர் செத்தது என்றும் அந்தச் சொல் சொல்வதில்லை. "மாமா செத்தார்" என்றால் மாமா எழுவாயாக வந்து நிற்கிறார், அவருக்கு நடந்ததை வினைமுற்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. அதுதான் காதில் குத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆடு செத்தது, கோழி செத்தது, டோர்ச் பற்றரி செத்துப்போச்சு, வேலை செய்து செத்துப்போனன். இவ்வளவுக்கும் தாராளமாகப் புழங்குகிற வினை அது. மனிதருக்கு வேறு வேறு சொற்கள் வர வர, "சா" என்ற பழைய வினை விலங்குக்கும் பொருளுக்கும் வசவுக்கும் என்று கீழே தள்ளப்பட்டுவிட்டது. அதை மாமாவுக்குச் சொன்னால் அவரை ஆட்டோடு சேர்த்துச் சொன்னதாகிறது. ஆனால் "சாவு", "செத்தவீடு" போன்ற பெயர்ச்சொற்கள் அந்த இறக்கத்திலிருந்து ஓரளவு தப்பிவிட்டன. போர்க்காலத்தில் "வீரச்சாவு" என்று பத்திரிகைகளில் வந்தபோது யாருக்கும் அது மரியாதைக் குறைவாகப் படவில்லை.

இப்பிடி மாத்திச் சொல்லுறதுக்கு இலக்கணத்தில பேர் இருக்கோ?

இருக்கிறது. சபையில் சொல்லக்கூடாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்பது அதன் தொடர். நன்னூல் இதைத் தகுதி வழக்கு என்று மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. கூச்சத்துக்குரியதை மறைத்தால் இடக்கரடக்கல். "கால் கழுவி வந்தான்" என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த உதாரணம். அமங்கலமானதை நல்ல சொல்லால் சொன்னால் மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி பேசினால் குழூஉக்குறி.

இந்தப் பிரிவு வெறும் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கூச்சமும் பயமும் வேறு வேறு என்று அது கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கழிப்பறையைச் சொல்லக் கூசுகிறோம், ஆனால் பெயரைச் சொன்னால் கழிப்பறை வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயப்படுவதில்லை. சாவையும் கொள்ளைநோயையும் சொல்லும்போது அந்தப் பயம் இருக்கிறது.

"இறந்தார்" எண்டால் நேராச் சொல்லுறதுதானே? அதையும் ஏன் விட்டிட்டு "காலமானார்" எண்டினம்?

"இறந்தார்" என்பதும் ஒரு காலத்தில் சுற்றிவளைத்துச் சொன்னதுதான். இறத்தல் என்றால் கடத்தல், அப்பால் போதல். பாலை வழியைக் கடந்து போனவனைச் சங்கப் பாட்டு "சுரம் இறந்தான்" என்னும், அவன் உயிரோடுதான் இருப்பான். இறந்த காலம் என்று இலக்கணத்தில் சொல்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. கடந்துபோன காலம்.

திருக்குறள் 310இல் இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: "இறந்தார் இறந்தார் அனையர்". கோபத்தில் அளவு கடந்தவர் செத்தவருக்குச் சமம் என்பது பொருள். முதல் "இறந்தார்" கடந்தவர், இரண்டாவது "இறந்தார்" செத்தவர். இன்று அந்தக் குறளைப் படிக்கிற பிள்ளைக்கு முதல் சொல்லை விளக்காமல் முடியாது, ஏனென்றால் இரண்டாம் பொருள் முதலாவதை விழுங்கிவிட்டது. "கடந்துபோனார்" என்று மென்மையாகச் சொல்ல வந்த சொல், சாவுக்கே நேர்ப்பெயராகிவிட்டது. பிறகு அதற்கும் ஒரு மறைப்புத் தேவைப்பட்டது. காலமானார் வந்தது, அதுவும் இப்போது அரைவாசி நேர்ப்பெயர்.

ஒரு நல்ல சொல்லைக் கண்டுபிடிச்சா அதிலேயே நிக்கலாமே? ஏன் திரும்பத் திரும்ப மாத்த வேணும்?

இதற்கு இழவு என்ற சொல்லின் கதையைச் சொன்னால் போதும்.

இழ என்றால் பறிகொடு. இழவு என்றால் பறிகொடுத்த நிலை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் "அவர்களுக்கு ஓர் இழவு" என்று சொல்வது எவ்வளவு இதமான பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். செத்ததைச் சொல்லாமல், இருப்பவர்களுக்கு என்ன போயிற்று என்று மட்டும் சொல்கிறது. ஆனால் சாவைத் தவிர வேறெதற்கும் அதைப் பாவிக்காமல் விட்டதும், கேட்பவர் மனதில் இழவும் சாவும் ஒன்றாகின. இழவு வீடு, இழவு சொல்லுதல். அதன்பிறகு சாவைப் பற்றிய வெறுப்பு முழுக்க அந்தச் சொல்லில் ஏறியது. இன்றைக்கு "இதென்ன இழவு", "இழவெடுத்தது" என்பது யாழ்ப்பாணத்தில் வசவு. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அந்தச் சொல்லை எடுத்துப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும்.

இனி மதிலில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பாருங்கள். "ஈடுசெய்ய முடியாத இழப்பு". அதே வேர்தான். இழவு கெட்டுப்போனதால் இழப்பு வந்து அதே வேலையைச் செய்கிறது. இழப்புக்கு இன்னும் பணம், தேர்தல், கிரிக்கெட் என்று வேறு வேலைகளும் இருப்பதால் அது கெடாமல் நிற்கிறது. சாவுக்கு மட்டும் என்று ஆகிற நாளில் அதற்கும் இழவின் கதிதான் என்பது என் ஊகம்.

அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் இதை ஓடுபொறியோடு ஒப்பிட்டார். ஓடிக்கொண்டே இருப்போம், இடம் மாறாது. சொல்லிலே குற்றம் இல்லை. சொல் எதைச் சுட்டுகிறதோ அதன் மேலுள்ள உணர்ச்சி சொல்லுக்குள் இறங்குகிறது. அந்த உணர்ச்சி மாறாதவரை புதுச் சொல்லும் சில தலைமுறையில் பழையதைப் போலவே ஆகும்.

மரண அறிவித்தலில என்ன சொல் போடுறது? "காலமானார்" போதுமோ, "இறைவனடி சேர்ந்தார்" போட வேணுமோ?

இரண்டும் சரி. ஆனால் ஒரு அறிவித்தலில் சாவு நாலைந்து இடத்தில் வருகிறது, ஒவ்வோர் இடத்துக்கும் வேறு சொல் என்பதைக் கவனியுங்கள். வழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

"நல்லூரைப் பிறப்பிடமாகவும் கொக்குவிலை வதிவிடமாகவும் கொண்ட … அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற … தம்பதியரின் அன்பு மகளும், அமரர் … அவர்களின் அன்பு மனைவியும் … ஆவார். அன்னாரின் பூதவுடல் கோம்பயன்மணல் இந்து மயானத்தில் தகனம் செய்யப்படும்."

இப்போது போனவருக்கு மிக உயர்ந்த வினை. முன்னமே போன தாய் தகப்பனுக்கு "காலஞ்சென்ற", கணவருக்கு "அமரர்" என்று சிறிய அடைமொழிகள். இந்த அடைமொழிகளை விட்டுவிட்டால் பெரிய பிழை, உயிரோடு இருப்பவருக்குப் போட்டுவிட்டால் அதைவிடப் பெரிய பிழை. மெய்ப்புப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். பிணம், சவம், பிரேதம் எதுவும் உள்ளே வராது, பூதவுடல்தான். வீட்டில் சுடலை என்று சொல்கிற இடம் அச்சில் மயானமாகிவிடும்.

சைவர்கள் சிவபதம் அடைந்தார் என்றும் போடுவார்கள். கிறிஸ்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், நல்லடக்கம் என்பார்கள். முஸ்லிம்கள் வபாத்தானார், ஜனாஸா நல்லடக்கம் என்பார்கள். எதை எடுத்தாலும் அந்தக் குடும்பத்தின் வழக்கத்தை எடுங்கள். கல்வெட்டுக்கு இன்னும் கொஞ்சம் அலங்காரம் பொறுக்கும், அறிவித்தலுக்கு வேண்டாம். மூன்றாவது வரியில் நேரமும் இடமும் தெரியாமல் சனம் அந்தரப்படக் கூடாது.

"நித்திரையடைந்தார்" எண்டது புதுசோ?

சொல் புதிது, எண்ணம் மிகப் பழையது. நன்னூல் உரையில் வருகிற துஞ்சினாரும் தூங்கினார்தான். சங்க காலத்து அரசர்களுக்கு "குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்", "இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்" என்று அவர்கள் செத்த இடத்தை வைத்தே பெயர் நிற்கிறது. துஞ்சுதல் வழக்கொழிந்தது, நித்திரை வந்தது. எங்கள் ஊரில் நித்திரை அன்றாடச் சொல் என்பதால் "கர்த்தருக்குள்" என்ற முன்சொல் இல்லாமல் சாவைக் குறிக்க முடியாது. மாவீரர் துயிலும் இல்லம் என்ற பெயரிலும் அதே நித்திரைதான்.

ஒரு எச்சரிக்கை. "அப்பப்பா நித்திரை கொள்ளுறார்" என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பெரியவருக்கு அது மறைப்பு என்று தெரியும், நாலு வயதுப் பிள்ளை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அன்று இரவு படுக்கப் பயப்படும், அல்லது எப்ப எழும்புவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். செத்துப்போனார், இனி எழும்பமாட்டார் என்று சொல்வதுதான் நல்லது.

கொப்புளிப்பான் வந்தால் ஏன் "அம்மாள் வந்திருக்கிறா" எண்டு மரியாதையாச் சொல்லுறது?

இங்கேதான் பயம் முழுசாகத் தெரிகிறது. நோய்க்கு விகுதி "ஆள்", வினை "வந்திருக்கிறா". கொப்புளம் "முத்து". வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு இல்லை, மச்சம் மாமிசம் இல்லை, சுகமானதும் தலைக்குத் தண்ணி வார்ப்பது. வந்தவ ஒரு விருந்தாளி, கோபப்படாமல் இறங்கிப் போக வேண்டும் என்ற கணக்கில் பேச்சும் நடத்தையும் ஒழுங்காகின்றன. இந்த வழக்கம் பெரியம்மைக் காலத்தில் உறுதிப்பட்டது. வைசூரி என்று சொல்லவே நாக்குக் கூசிய நோய் அது, பிழைத்தவர்களுக்கும் முகத்தில் வடு மிஞ்சும்.

அந்த நோய் உலகத்தில் எங்கும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதற்குப் பிறகு வைசூரிக்குப் புதுப்பெயர் எதுவும் வரவில்லை. தேவைப்படவில்லை. பயம் போனதும் ஓடுபொறி நின்றுவிட்டது. அம்மாள் என்ற பெயர் மட்டும் கொப்புளிப்பானுக்கும் சின்னமுத்துக்கும் கைமாறி, இப்போது "மகனுக்கு அம்மாள், ரியூசனுக்கு வரமாட்டான்" என்று சாதாரணமாகச் சொல்கிற அளவுக்கு இறங்கிவிட்டது.

ஆனால் வைத்தியரிடம் "அம்மாள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கொப்புளிப்பானும் சின்னமுத்தும் வேறு வேறு கிருமி. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எது என்று தெரிவது முக்கியம். கொப்புளிப்பான் கொப்புளம் போடுவதற்கு ஒன்றிரண்டு நாளுக்கு முன்பே தொற்றத் தொடங்கும், எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும் வரை தொற்றும். வேப்பிலை கட்டியபின் ஒதுங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வருத்தத்தின்ர பேரை மாத்தினா நோயாளியைப் பாக்கிற பார்வை மாறுமோ?

கொஞ்சநாளைக்கு மாறும். குட்டம் என்பது வசவானது, பெருவியாதி வந்தது, அதுவும் தாழ்ந்தது, தொழுநோய் வந்தது. பிறகு கிருமியை 1873இல் கண்டுபிடித்த நோர்வே வைத்தியர் ஹேன்சனின் பெயரால் ஹேன்சன் நோய் என்றார்கள். ஒரு மனிதனின் பெயரில் அருவருப்பு ஒட்டாது என்று நினைத்தார்கள் போலும். பெயர்களைவிட அதிகம் செய்தது மருந்து. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையை நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ எடுத்தால் நோய் முழுக்கக் குணமாகும். குணமாகிற நோய் என்று ஊர் நம்புகிற வேகத்தில்தான் சொல்லின் கறையும் போகும். நம்பாத இடத்தில் ஹேன்சனும் ஒருநாள் கெட்டுப்போவார்.

அதற்காகப் பெயர் மாற்றுவது வீண் என்று சொல்லமாட்டேன். ஒரு தலைமுறை நோயாளிகள் வசவு கேட்காமல் கிளினிக்குக்குப் போக முடிந்தால் அது சின்ன விஷயமா?

அம்மாவுக்குக் கான்சர். சொந்தக்காரர் எல்லாரும் "மகரகமவுக்குப் போறா" எண்டுதான் சொல்லுகினம். இது சரியோ?

இது புதிய தந்திரம் இல்லை. நோயின் பெயரைவிட்டு, ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின் பெயரைச் சொல்வது. மனநோய்க்கு அங்கொடை என்ற பெயரை இலங்கை முழுக்க அப்படித்தான் பாவித்தார்கள். முடிவில் "அவனை அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்பது கேலியாகி, அங்கே குடியிருக்கிற சனத்தின் ஊர்ப்பெயரே பழுதாகிப்போனது. மகரகம ஆஸ்பத்திரிக்கு இப்போது அபேக்ஷா வைத்தியசாலை என்று பெயர். அபேக்ஷா என்றால் சிங்களத்தில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை. சனம் இன்னும் மகரகம என்றுதான் சொல்கிறது. தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கியபின் எங்கள் பக்கத்தில் "தெல்லிப்பழைக்குப் போறா" என்பதற்கும் அதே தொனி வந்துவிட்டது. கால் முறிந்து தெல்லிப்பழைக்குப் போகிறவரும் இப்போது "காலுக்குத்தான்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொந்தக்காரர் அப்படிச் சொல்வதில் கேடு இல்லை. அம்மாவிடமே மறைப்பதுதான் சிக்கல். "வயித்தில ஒரு கட்டி, கரைக்க மருந்து தருகினம்" என்று சொல்லிவைத்தால், கட்டி கரைந்துவிட்டது என்று தோன்றும் நாளில் அவர் மருந்தை நிறுத்திவிடக்கூடும். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். சில பேர் "எனக்குத் தெரியும், நீங்கள் சொல்ல வேண்டாம்" என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

பேப்பரில "தவறான முடிவெடுத்து உயிரிழப்பு" எண்டு வருகுதே, அது எங்கயிருந்து வந்தது?

தற்கொலை என்ற சொல்லில் "கொலை" இருக்கிறது, குற்றம் சாட்டுகிறது. அதைத் தவிர்க்க வந்த தொடர் இது. தவிர்த்தது நல்லது, மாற்றுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "தவறான" என்று போட்டு இதுவும் தீர்ப்புத்தான் சொல்கிறது. அதோடு ஓர் அப்பாவித் தொடரையும் கெடுத்துவிட்டது. "நான் ஒரு தவறான முடிவு எடுத்திட்டன்" என்று வீடு விற்றதைப் பற்றி ஒருவர் வட்ஸ்அப்பில் எழுத, தங்கச்சி கனடாவிலிருந்து பதறியடித்து அழைத்தது எனக்குத் தெரிந்த குடும்பத்தில் நடந்தது. "உயிரிழந்தார்" என்று மட்டும் எழுதினால் போதும் என்பேன்.

"காணாமல் போனோர்" எண்டால் ஏன் தாய்மார் கோவிக்கினம்?

ஏனென்றால் இங்கே மறைப்பு சாவை மறைக்கவில்லை, செய்தவரை மறைக்கிறது. "போனோர்" என்றால் தாமாகவே போனார்கள் என்ற தொனி. "ஆக்கப்பட்டோர்" என்றால் யாரோ ஆக்கினார்கள், அந்த யாரோ பதில் சொல்ல வேண்டும். கையில் படத்தோடு வருடக்கணக்காக வீதியோரம் இருந்தவர்கள் அந்தச் செயப்பாட்டு வினையைப் பிடித்துக்கொண்டார்கள், இப்போது செய்திகளிலும் அதுவே பெருவழக்கு. மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொன்னால் பலர் மறுப்பதும் இதே காரணத்தால்தான். ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. வங்கி, காணி அலுவல்களுக்கு அது உதவும். அதையும் வாங்கமாட்டோம் என்கிற வீடுகள் உண்டு. சொல்லைச் சுற்றி எழுந்த சண்டைகளில் இதைவிட நியாயமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

செத்தவீட்டில "போட்டு வாறன்" சொல்லக்கூடாது எண்டினம். அப்ப என்ன சொல்லுறது?

ஒன்றும் சொல்ல வேண்டாம். மற்ற நாளில் "போறன்" என்பது அபசகுனம், அதனால் "போட்டு வாறன்". செத்தவீட்டில் "வாறன்" என்றால் திரும்பவும் இதே காரியத்துக்கு வருவேன் என்றாகும். தலையாட்டிவிட்டு வெளிக்கிடுங்கள், வீட்டுக்காரர் குறை நினைக்கமாட்டார்கள்.

வெளிநாட்டில இருக்கிற தம்பிக்கு அப்பா மோசம் போனதை எப்பிடி ரெலிபோனில சொல்லுறது?

பழைய முறை "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, வெளிக்கிட்டு வா" என்பது. ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த "கொஞ்சம்" கேட்டதும் விளங்கிவிடும். ஆனால் விசாவும் ரிக்கற்றும் எடுக்க நாலு நாள் ஆகிற இடத்தில் அது ஆபத்து. சுகமில்லைதானே என்று அவன் அடுத்த கிழமைக்குப் பதிவு செய்வான், இங்கே எடுக்கிற நாள் முடிந்துவிடும். முதலில் பக்கத்தில் ஆர் நிற்கினம் என்று கேளுங்கள். வாகனம் ஓட்டுகிறான் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு "தம்பி, அப்பா காலமாயிட்டார், இண்டைக்கு விடிய" என்று நேரத்தோடு சொல்லுங்கள். எடுக்கிற நாளை அவன் வருகிற நாளைக் கேட்ட பிறகு முடிவு செய்யலாம், குளிரூட்டியில் வைத்திருக்க இப்போது வசதி இருக்கிறது. எங்களுக்கும் அறிவித்தலைத் திகதி நிச்சயமான பிறகு தந்தால் போதும்.